வார்த்தை இல்லாமல் வரும் ஸ்கிரீன்ஷாட்: இடமா, சார்ஜா, விளக்கமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. ஊரில் தனியாக இருக்கிறார், நான் கோவையில் வேலை பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் நிரம்பிய ஸ்கிரீன்ஷாட் ஒன்று வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. "பழைய வீடியோ எல்லாம் அழிச்சிடுங்கப்பா" என்று போட்டேன். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை பேட்டரி யூசேஜ் ஸ்கிரீன்ஷாட், அதற்கும் வார்த்தை இல்லை. "யூடியூப்தான் காரணம், குறைச்சுக்கோங்க" என்றேன். அதிலிருந்து சரியாகப் பேசவில்லை. அவருக்கு இடம் காலியாக வேண்டுமா, சார்ஜ் நிற்க வேண்டுமா, அல்லது அது என்னவென்று தெரிந்தால் போதுமா? எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன்.
— வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் பெரும்பாலும் யாரும் தேடிப் போவதில்லை. போட்டோ எடுக்கப் போகும்போதோ, ஆப் அப்டேட் ஆகும்போதோ போன் தானே ஒரு எச்சரிக்கையைக் காட்டும். அதைத் தொட்டால் நேராக அந்தப் பக்கம் திறக்கும். அதாவது, அவர் ஏதோ ஒரு வேலையை நடுவில் நிறுத்திவிட்டு அங்கே வந்து நிற்கிறார். பேட்டரி யூசேஜ் பக்கம் அப்படி இல்லை. செட்டிங்ஸுக்குள் போய், பேட்டரியைத் தொட்டு, அதற்குள் இன்னொரு வரியையும் தொட்டால்தான் பெரும்பாலான போன்களில் அது வரும். அங்கே போனவர் காரணம் தேடிப் போயிருக்கிறார். அதனால் படத்தைப் பார்த்ததும் "இதில் என்ன தப்பு" என்று தேடுவதற்கு முன், "இவர் இந்தப் பக்கத்துக்கு எப்படி வந்திருப்பார்" என்று யோசியுங்கள். முதல் வகைப் படத்துக்கு "என்ன செய்யணும்" என்பதும், இரண்டாம் வகைக்கு "இது சரிதானா" என்பதும்தான் அநேகமாகக் கேள்வியாக இருக்கும். எப்போதும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். என் போன் கடைக்கு வருகிறவர்களிடம் நான் பார்க்கும் வரையில் பெரும்பாலும் பொருந்துகிறது.

அடுத்தது, படத்தை ஓரத்திலிருந்து பாருங்கள். எல்லோரும் நடுவில் இருக்கும் பெரிய எண்ணைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு உதவுவது மேல் ஓரம்.

வந்திருப்பது ஸ்கிரீன்ஷாட்டா, வேறொரு போனால் எடுத்த போட்டோவா என்பதே ஒரு தகவல். இடம் அறவே தீர்ந்துபோனால் ஸ்கிரீன்ஷாட்டைச் சேமிக்கவே போனில் இடம் இருக்காது, முடியவில்லை என்று சொல்லிவிடும். பக்கத்து வீட்டுப் பையனின் போனிலிருந்து போட்டோ வந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டு உடனே கூப்பிடுங்கள். உங்கள் அப்பா அனுப்பியது ஸ்கிரீன்ஷாட்தான், அதனால் கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கிறது. அப்புறம், மொத்த அளவு எவ்வளவு என்று பாருங்கள். 64 GB, 128 GB என்று இருந்தால் அது போனின் இடம். 15 GB என்று இருந்தால் அது போனே இல்லை, கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் இடம். ஜிமெயில், டிரைவ், கூகுள் போட்டோஸ், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாமே அந்த 15 GB-க்குள்தான் அடங்க வேண்டும். இரண்டு எச்சரிக்கையும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், மருந்து மட்டும் வேறு. கூகுள் இடம் நிரம்பியவரிடம் போனில் இருக்கும் ஆப்பை நீக்கச் சொன்னால் ஒரு எம்பிகூடக் குறையாது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது செட்டிங்ஸ் பக்கமாகவே இருக்காது, விளம்பரமாக இருக்கும். "உங்கள் போன் 97% நிரம்பிவிட்டது, உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று சிவப்பு எழுத்தும் பெரிய பட்டனும் போட்டு வருமே, அது. மேலே பிரவுசரின் முகவரிப் பட்டை தெரிகிறதா, ஓரத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். போனின் சொந்த செட்டிங்ஸ் பக்கம் இப்படி அவசரப்படுத்தாது. விளம்பரத்தைப் படமாக அனுப்பியிருந்தால் பதில் ஒரே வரிதான்: "அப்பா, அது விளம்பரம், எதையும் தொடாம பின்னாடி வந்திருங்க." இது உங்கள் கதைக்கும் தேவைப்படும், கீழே சொல்கிறேன்.

சரி, செவ்வாய்க்கிழமை படத்துக்கு வருவோம். 64 GB போன், 63.6 GB தீர்ந்திருக்கிறது. வீடியோ 18, ஆப்கள் 15.5, சிஸ்டம் 14, படங்கள் 12.3, குப்பைத்தொட்டி 1.8, ஆவணங்கள் 1.2, ஆடியோ 0.8. மிச்சம் 400 எம்பி. சாதாரணத் தரத்தில் மூன்று நிமிட வீடியோ எடுத்தாலே அது முடிந்துவிடும். ஆப் எதுவும் ஒழுங்காக அப்டேட் ஆகாது. வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் இறங்க மறுக்கும். ஆக, இந்தப் படத்துக்கு "விளக்கம் கேட்கிறார்" என்று பொருள் கொள்ள முடியாது. அவர் கை கட்டப்பட்டு நிற்கிறார், இடம்தான் வேண்டும். உங்கள் ஊகம் சரிதான். ஆனால் நீங்கள் அனுப்பிய பதிலை அவரால் செய்ய முடியவில்லை.

"பழைய வீடியோ எல்லாம் அழிச்சிடுங்க" என்பதில் அவர் எடுக்க வேண்டிய முடிவுகள் எத்தனை என்று பாருங்கள். எது பழையது? பேரப்பிள்ளை நடக்க ஆரம்பித்த வீடியோவும் பழையதுதான். அழித்தால் எங்கே போகும், திரும்ப வருமா? இங்கே அழித்தால் உங்கள் போனிலிருந்தும் போய்விடுமா? இதெல்லாம் தெரியாமல் கையை வைக்க அவருக்கு மனம் வராது. பதில் வராததற்குக் காரணம் இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"அப்பா, போன்ல இடம் தீர்ந்துபோச்சுன்னு காட்டுது. போன் கெட்டுப்போகல, பயப்பட வேண்டாம். போட்டோ, வீடியோ எதையும் அழிக்காதீங்க. அதே பக்கத்துல கீழே Trash-ன்னு இருக்கு பாருங்க, அதைத் தொட்டு காலி பண்ணுங்க. நீங்க ஏற்கெனவே அழிச்சதுதான் அங்க கிடக்குது. இப்ப போட்டோ எடுக்க முடியலையா, இல்ல வாட்ஸ்அப் படம் வரலையா?"

இதில் மூன்று இருக்கின்றன. நீங்கள் படத்தில் கண்டது என்ன என்று ஒரு வரி. எதையும் இழக்காமல் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம். இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும் என்கிற ஒரு கேள்வி. உங்கள் ஊகம் தப்பாகவே இருந்தாலும் இந்தப் பதிலால் கெடுதல் எதுவும் வராது. 1.8 GB கிடைக்கும், எச்சரிக்கை அடங்கும், அவருக்குப் போன் திரும்பக் கைக்கு வரும். குப்பைத்தொட்டியைக் காலி செய்வதற்கு முன் ஒன்றே ஒன்று: கை தவறி அழித்தது ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்துவிடச் சொல்லுங்கள். அங்கே போனவை பெரும்பாலான போன்களில் 30 நாள் கழித்துத் தானாகவே அழிந்துவிடும். நாம் கொஞ்சம் முன்னதாகச் செய்கிறோம், அவ்வளவுதான்.

நிரந்தரமான இடம் கிடைப்பது வாட்ஸ்அப்பில். வீடியோவில் இருக்கும் 18 GB-யில் பெரும்பகுதி அவர் எடுத்ததாக இருக்காது. குடும்பக் குரூப், கோயில் குரூப், பழைய அலுவலக நண்பர்கள் குரூப் என்று காலை வணக்கத்திலிருந்து வந்து சேர்ந்ததாகத்தான் இருக்கும். கேலரியைத் திறந்து அங்கே அழிக்கச் சொல்லாதீர்கள். வீட்டுப் படமும் ஃபார்வர்டு படமும் அங்கே கலந்து கிடக்கும். வாட்ஸ்அப்புக்குள் Settings போய், Storage and data, அதில் Manage storage. மேலே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று Forwarded many times, மற்றொன்று Larger than 5 MB. முதல் கட்டத்தில் இருப்பவை பல கை மாறி வந்தவை. அவற்றில் வீட்டு வீடியோ இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டாவது கட்டம் அப்படி அல்ல. நீங்கள் அனுப்பிய பிறந்தநாள் வீடியோவும் அதில்தான் இருக்கும், ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அங்கே அழித்தது திரும்ப வராது என்று வைத்துக்கொண்டே செய்யுங்கள். எவ்வளவு காலியாக்க வேண்டும் என்றால், 64 GB போனில் ஆறேழு GB காலியாக இருந்தால் போன் நிம்மதியாக இயங்கும், சிஸ்டம் அப்டேட்டும் தடையில்லாமல் இறங்கும்.

மறுபடி நிரம்பாமல் இருக்க, அதே Storage and data பக்கத்தில் Media auto-download என்று இருக்கும். அதில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோவுக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். பார்க்க விரும்பும் வீடியோவை அவர் தொட்டால் இறங்கும், தொடாதது இறங்காது.

தூரத்திலிருந்து போனில் பேசி அவரைச் செய்யச் சொல்லவே கூடாதவை இரண்டு. ஆப் தகவல் பக்கத்தில் Clear cache, Clear storage என்று இரண்டு பட்டன்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், சில போன்களில் இரண்டாவது Clear data. முதலாவது தற்காலிகக் கோப்புகளை மட்டும் எடுக்கும், பயமில்லை. இரண்டாவது அந்த ஆப்பைப் புதிதாகப் போட்டது போல ஆக்கிவிடும். வாட்ஸ்அப்பில் அதை அழுத்தினால் மறுபடி நம்பர் போட்டு, ஓடிபி வாங்கி, பேக்கப் இருந்தால்தான் பழைய பேச்சுகள் திரும்பும். பிள்ளைகள் போனில் "கேஷ் கிளியர் பண்ணுங்கப்பா" என்று வாயால் சொல்ல, பக்கத்துப் பட்டனை அழுத்திவிட்டுக் கடைக்கு வந்த பெரியவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். கிடைக்கும் இடமும் சொற்பம், சில நாளில் கேஷ் திரும்பச் சேர்ந்துவிடும். விட்டுவிடுங்கள்.

இன்னொன்று கூகுள் போட்டோஸ். பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்புக்குள் சாதாரணமாக அழித்தால் போனிலிருந்தும் போகும், கணக்கிலிருந்தும் போகும். "கூகுள்ல இருக்குல்ல, போன்ல அழிச்சிடுங்க" என்று சொல்லிப் படங்கள் போனது இப்படித்தான். போனில் மட்டும் நீக்க அதற்கென்றே Free up space என்ற வழி இருக்கிறது. பேக்கப் முடிந்தவற்றை மட்டும்தான் அது போனிலிருந்து எடுக்கும். இதை அவரிடம் செய்யச் சொல்லாமல், ஊருக்குப் போகும்போது நீங்களே செய்யுங்கள். பேக்கப் உண்மையிலேயே நடந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், பலருடைய போனில் அது எப்போதோ நின்றுபோயிருக்கும்.

அந்தப் படத்தில் விளக்கம் மட்டும் வேண்டிய இடம் ஒன்று உண்டு, சிஸ்டம் 14 GB. "நான் எதையும் வைக்காமலே 14 எடுத்திருக்கே" என்று பலர் அதைத்தான் கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டும் போன் கம்பெனி சேர்த்துத் தந்த மென்பொருளும் உட்காரும் இடம் அது. நம்மால் குறைக்க முடியாது, குறைக்கவும் வேண்டாம். 64 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நமக்கென்று கிடைப்பது 50 தான் என்று சொல்லிவிட்டால் அவருக்குக் கணக்கு புரிந்துவிடும். கணக்கு எழுதிப் பழகிய மனிதர்களுக்கு இப்படிச் சொன்னால் போதும்.

இனி வெள்ளிக்கிழமை படம். இதில்தான் ஊகம் தப்பியிருக்கிறது.

மேல் ஓரத்தில் மணி 2:40. பேட்டரி 38%. சிக்னல் ஒரே ஒரு கோடு. பட்டியலில் யூடியூப் 24%, அதற்கடுத்து "கிளீனர்" என்று முடியும் ஓர் ஆப் 13%, வாட்ஸ்அப் 9%, மொபைல் நெட்வொர்க் 6%, மீதி எல்லாம் துண்டு துக்கடா. உங்கள் கண் முதல் வரியில் நின்றுவிட்டது, யாருக்கும் அப்படித்தான் நடக்கும்.

முதலில் அந்தச் சதவீதம் எதன் சதவீதம் என்று தெரிய வேண்டும். சில போன்களில் அது முழு பேட்டரியில் எத்தனை சதவீதம் என்று காட்டும். சில போன்களில் இதுவரை செலவானதை 100 என்று வைத்துக்கொண்டு அதில் யார் பங்கு எவ்வளவு என்று காட்டும். எது என்று அறிய வரிகளைக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் அனுப்பியதில் எல்லாம் சேர்ந்தால் 62 வருகிறது. மேலே மிச்சம் 38. ஆக, இந்தப் போன் முழு பேட்டரியைக் கணக்காக வைத்துச் சொல்கிறது. காலையில் முழுதாக ஏற்றிய சார்ஜில் 24 யூடியூபுக்குப் போயிருக்கிறது. சாதாரண 5000 எம்ஏஎச் பேட்டரியில் வீடியோ பார்த்தால் மணிக்கு ஏழெட்டு சதவீதம் போவது இயல்பு. அப்படியானால் அவர் காலையிலிருந்து மூன்று மணி நேரம் போல யூடியூப் பார்த்திருக்கிறார். பார்த்ததற்குச் செலவானது, அவ்வளவுதான். அது கோளாறு இல்லை. தனியாக இருக்கும் மனிதருக்குப் பகல் பொழுது போக வேண்டாமா? அதைக் குற்றமாகச் சொன்னது போல அவருக்குப் பட்டிருக்கும். அவர் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியதே யூடியூபுக்காக இருக்காது, அதை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அவருக்குத் தெரியுமே. தெரியாமல் நின்றது இரண்டாவது வரியாக இருக்க வேண்டும்.

பட்டியலில் ஓர் ஆப் மேலே இருப்பதால் அது திருடன் ஆகிவிடாது. கேட்க வேண்டியது, திரையில் இருந்த நேரத்துக்கும் செலவுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பது. பட்டியலில் அந்த வரியைத் தொட்டால் உள்ளே இரண்டு நேரங்கள் இருக்கும். திரையில் இருந்த நேரம் ஒன்று, பின்னணியில் ஓடிய நேரம் இன்னொன்று. யூடியூப்பைத் தொட்டால் திரையில் மூன்று மணி, பின்னணியில் ஒன்றுமில்லை என்று வரும் என்று நினைக்கிறேன். கிளீனரைத் தொட்டால் திரையில் ஐந்து நிமிடம், பின்னணியில் ஐந்தாறு மணி என்று வந்தால் சார்ஜ் அங்கேதான் கசிகிறது.

இப்போது இரண்டு படங்களையும் சேர்த்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை இடம் தீர்ந்தது. உங்களிடமிருந்து வந்த பதிலைச் செய்ய அவருக்குத் தைரியம் வரவில்லை. நடுவில் ஏதோ ஒரு விளம்பரம் "ஒரே தட்டில் சுத்தம்" என்று கூப்பிட்டிருக்கும், அதைப் போட்டிருப்பார். வெள்ளிக்கிழமைக்குள் சார்ஜ் நிற்காமல் போனது. என்ன ஆனது என்று தானே தேடிக்கொண்டு பேட்டரி பக்கம் வரை போய், அதைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறார். இது என் ஊகம்தான், படத்தில் அந்த ஆப் எப்போது வந்தது என்று தெரியாது. ஆனால் சோதிப்பது சுலபம், ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அப்பா, பட்டியல்ல ரெண்டாவதா கிளீனர்னு ஒண்ணு இருக்கே, அது நீங்க போட்டதா, தானா வந்ததா?" எந்தப் பதில் வந்தாலும் அவர் மேல் பழி விழாதபடி கேள்வி இருக்கட்டும். அது முக்கியம். பழி விழும் என்று தோன்றினால் அடுத்த படம் வராது.

அந்த மாதிரி ஆப்கள் பெரும்பாலும் எதையும் சுத்தம் செய்வதில்லை. கேஷைக் கொஞ்சம் அழித்துவிட்டு எண்ணைப் பெரிதாகக் காட்டும், பிறகு நாள் முழுக்கப் பின்னணியில் உட்கார்ந்து விளம்பரம் இறக்கும், அறிவிப்பு அனுப்பும். அதை நீக்கிவிடுங்கள். ஐகானை அழுத்திப் பிடித்து Uninstall. அந்தப் பட்டன் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால், அந்த ஆப் போனையே கட்டுப்படுத்தும் டிவைஸ் அட்மின் அனுமதி வாங்கியிருக்கலாம். செட்டிங்ஸ் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் device admin என்று தேடி, அங்கே அதன் அனுமதியை எடுத்தபின் நீக்கலாம். நீக்கிய மறுநாள் அதே நேரத்துக்கு, அதே 2:40 வாக்கில், அதே பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். 38 இருந்த இடத்தில் 50-ஐ ஒட்டி வந்தால் முடிந்தது வேலை. முந்தைய நாளின் அதே நேரத்தோடு ஒப்பிடாமல் "இப்ப பரவாயில்லையா" என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது, உங்களுக்கும் புரியாது.

நீக்கியும் பெரிதாக மாறவில்லை என்றால் அந்த ஒற்றைக் கோடு சிக்னலைப் பாருங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவரைப் பிடிக்க அதிகச் சக்தியோடு ஒலிபரப்ப வேண்டியிருக்கிறது, சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கும். மொபைல் நெட்வொர்க் 6% என்று தனி வரியாக வந்திருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அதே சிக்னலில் யூடியூப் பார்த்தால் வீடியோவுக்கு ஆகும் செலவும் கூடும். வீட்டில் வைஃபை போட்டால் டேட்டாவுக்கு டவரை நம்ப வேண்டிய தேவை குறையும். அவர் உட்காரும் இடத்தை ஜன்னல் பக்கம் மாற்றினாலே ஒரு கோடு இரண்டாகும் வீடுகளும் உண்டு.

வாட்ஸ்அப்பின் பின்னணி ஓட்டத்தை நிறுத்தி பேட்டரியை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். ஆப் பேட்டரி செட்டிங்கில் Restricted என்று வைத்தால் உங்கள் செய்தியும் அழைப்பும் அவர் ஆப்பைத் திறக்கும்வரை வந்து சேராமல் போகலாம். தனியாக இருக்கும் அப்பாவின் போனில் 9 சதவீதத்துக்காக அதை விலை கொடுக்க வேண்டாம்.

அடுத்த படம் வரும்போது செய்ய ஒரு சின்ன வழி சொல்கிறேன். அவர் அனுப்பிய படத்தையே திறந்து, வாட்ஸ்அப்பில் இருக்கும் பேனாவால் அவர் தொட வேண்டிய இடத்தில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். கூடவே பத்து நொடி வாய்ஸ் மெசேஜ். "செட்டிங்ஸ் போங்க, கீழ வாங்க, மூணாவது" என்று எழுதினால் அவர் போனையும் உங்கள் எழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும், நடுவில் பக்கம் மாறிவிடும். வட்டம் போட்ட படம் அவர் கண்முன் இருக்கும் பக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகும். ஒரு நேரத்தில் ஒரே வட்டம். அதைத் தொட்டபின் என்ன வந்ததோ அதை மறுபடி படமெடுத்து அனுப்பச் சொன்னால் அவருக்கு வார்த்தையே தேவைப்படாது. அவருக்குப் படம் அனுப்பத் தெரிகிறது, அதை வைத்தே வேலையை முடித்துவிடலாம்.

இருவருக்கும் நேரம் இருக்கும்போது வாட்ஸ்அப் வீடியோ காலில் திரையைப் பகிரும் வசதியைப் பயன்படுத்தலாம், 2023 முதல் இருக்கிறது. அவர் திரையை நீங்கள் நேராகப் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் வங்கி ஆப்பைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்களைத் தவிர வேறு யார், எந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்லித் திரையைக் காட்டச் சொன்னாலும் காட்டக் கூடாது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் ஒரு நிலைமையில் மட்டும் ஸ்கிரீன்ஷாட் உதவாது. பேட்டரி 30% காட்டும்போது போன் திடீரென அணைந்து, சார்ஜரில் போட்டதும் மறுபடி 25% காட்டினால், அல்லது 40-லிருந்து 22-க்கு ஒரே தாவலாக இறங்கினால், பேட்டரி தேய்ந்துவிட்டது. எந்த ஆப்பை நீக்கினாலும் அது திரும்பாது, மாற்றத்தான் வேண்டும். போன் எத்தனை வருடப் பழையது என்று கேளுங்கள், மூன்று வருடத்துக்கு மேல் என்றால் இதை முதலிலேயே சந்தேகிக்கலாம். போனின் பின்மூடி லேசாகத் தூக்கியிருக்கிறதா, மேசையில் மல்லாக்க வைத்தால் சுழல்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்தி, போனை அணைத்து, கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுக்கச் சொல்லுங்கள். அதைக் குத்தவோ அழுத்தி மூடவோ கூடாது. அதற்குமுன் அவர் போட்டோக்களுக்குப் பேக்கப் இருக்கிறதா என்று உங்கள் லேப்டாப்பில் அவர் கூகுள் கணக்கைத் திறந்தே பார்த்துவிடலாம், கடவுச்சொல்லை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர் போனுக்கு வரும் உறுதிப்படுத்தலும் தேவைப்படலாம்.